ரெக்ரூட்டர்கிட்ட எத்தனை ரவுண்டு, எத்தனை நாள், பேனல் எப்படின்னு முதல்லயே கேக்கலாமா?

கீழ்க்கட்டளை | 6 ஜனவரி 2025, இரவு 9.40

இன்னிக்கு மதியம் ஒரு கன்சல்டன்சில இருந்து போன் வந்துது. டெஸ்டிங் ஆட்டோமேஷன், 8 வருஷ அனுபவம் கேக்குறாங்க, சிறுசேரி. "மேடம் உங்க புரொஃபைல் ஷார்ட்லிஸ்ட் ஆயிடுச்சு, ஓகேன்னு ஒரு மெயில் மட்டும் போடுங்க, இந்த வாரமே ஆரம்பிச்சிடலாம்"னு அந்தப் பொண்ணு சொன்னா. நான் மூணு விஷயம் கேட்டேன். மொத்தம் எத்தனை ரவுண்டு, முதல் ரவுண்டுல இருந்து ஆஃபர் லெட்டர் கைக்கு வர எத்தனை நாள் ஆகும், பேனல்ன்னா எல்லாரும் ஒண்ணா உக்காருவாங்களா இல்ல ஒருத்தர் ஒருத்தரா வருவாங்களா. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "ரெண்டு மூணு ரவுண்டு, ஒரு வாரத்துல முடிஞ்சிரும்"னு சொல்லிட்டு, "இவ்ளோ கேக்குறீங்களே மேடம், உங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்லையா"ன்னு கேட்டா. எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

ஏன் கேட்டேன்னா போன வருஷம் நடந்தது இன்னும் மறக்கல. ஒரு இடத்துல "ரெண்டாவது பேனல் ரவுண்டு, நேர்ல வாங்க"ன்னாங்க. மூணு பேர் சேர்ந்து ஒரு மணி நேரம் கேப்பாங்கன்னு நெனச்சு ஆபீஸ்ல அரை நாள் பர்மிஷன் போட்டு போனேன். அங்க மூணு பேரும் தனித்தனியா, ஆளுக்கு ஒரு மணி நேரம், நடுவுல காத்திருக்குறது வேற. பத்து மணிக்கு உக்காந்தவ, மூணாவது ஆள் வரும்போது மணி ஒண்ணேமுக்கால். ரெண்டு மணிக்கு எனக்கு ஆபீஸ்ல ரிலீஸ் கால். பாதியில எழுந்து வந்துட்டேன். ரிஜெக்ட். அவங்க சொன்ன காரணம் "கேண்டிடேட் பாதியில போயிட்டாங்க".

இந்த தடவை இன்னொரு விஷயமும் இருக்கு. கையில வேற ஒரு கம்பெனி ஆஃபர் இருக்கு, 24ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். இந்த சிறுசேரி வேலை எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா 24க்குள்ள முடியுமான்னு தெரியாம எப்படி இறங்குறது? இன்னும் மெயில் போடல. நான் கேட்டது தப்பா?

போரூர் ஜாவா | 6 ஜனவரி, இரவு 10.15

தப்புன்னு இல்ல சிஸ், ஆனா நேரம் தப்பு. முதல் போன்லயே இவ்ளோ கேட்டா ஷீட்ல உங்க பேருக்கு நேரா "நாட் இன்ட்ரஸ்டட்"னு போட்டுட்டு அடுத்த நம்பருக்குப் போயிடுவாங்க. முதல் ரவுண்டு க்ளியர் பண்ணிட்டு கேளுங்க, அப்போ அவங்களுக்கு நீங்க வேணும். சனிக்கிழமை டிரைவ்னா இந்தக் கவலையே இல்ல, காலைல போனா சாயங்காலம் எல்லா ரவுண்டும் முடிஞ்சிரும். எனக்கு அப்படித்தான் ஒரே நாள்ல முடிஞ்சுது.

அம்பத்தூர் அப்பா | 6 ஜனவரி, இரவு 10.50

பேனல் பத்தி யாரு என்னன்னு முன்கூட்டி கேக்கவே கூடாதும்மா. என் பையன் பேங்க் பி.ஓ. இன்டர்வியூ போனான், ஐ.பி.பி.எஸ்.ல ப்ரிலிம்ஸ், மெயின்ஸ், அப்புறம் இன்டர்வியூ, எல்லாம் நோட்டிஃபிகேஷன்லயே போட்டிருக்கும். போர்டுல யாரு இருக்காங்கன்னு வெளிய தெரிஞ்சா அது முறைகேடு. நீங்க கேட்டதை சிபாரிசுக்கு ஆள் தேடுறதா எடுத்துக்கிட்டிருப்பாங்க.

கீழ்க்கட்டளை | 6 ஜனவரி, இரவு 11.20

ஐயா, நான் அவங்க பேரைக் கேக்கல, எத்தனை பேர் எப்படி உக்காருவாங்கன்னு தான் கேட்டேன். ஆனா நீங்க சொன்ன ஒரு விஷயம் யோசிக்க வச்சுது. அரசு பரீட்சைல எல்லாத்தையும் நோட்டிஃபிகேஷன்ல எழுதிப் போடுறாங்க, யாரும் கேக்கவே வேண்டாம். ப்ரைவேட்ல அந்தக் காகிதம் இல்ல, அதனால நானே கேட்டு எழுதி வாங்க வேண்டியிருக்கு.

போரூர் ப்ரோ, முதல் ரவுண்டு முடிஞ்சு கேக்கலாம்னு தான் போன வருஷம் நெனச்சேன். முடிஞ்சதும் அவங்க அவசரம் தான் முன்னாடி நின்னுது, என் கேள்வி பின்னாடி போயிடுச்சு.

பழைய ரெக்ரூட்டர் | 7 ஜனவரி, காலை 7.05

நான் 11 வருஷம் கன்சல்டன்சிலயும் கம்பெனிக்குள்ள ஆள் எடுக்குற டி.ஏ. டீம்லயும் இருந்தவன், இப்போ வேற வேலை. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

கீழ்க்கட்டளை மேடம், அந்தப் பொண்ணு அமைதியானது உங்க மேல கோபத்துல இல்ல. அவளுக்கு பதில் தெரியாது. கன்சல்டன்சில உக்காந்து கூப்பிடுறவங்க கையில இருக்குறது வேலை விவரம் எழுதின ஒரு ஜே.டி.யும், எந்த சம்பளத்துக்கு மேல போகக் கூடாதுங்குற ஒரு நம்பரும் தான். ரவுண்டு, தேதி எல்லாம் கம்பெனிக்குள்ள இருக்குற டி.ஏ. ஆளுக்குத் தான் தெரியும், பேனல் யாருன்னு பல சமயம் அவருக்கே முந்தின நாள் சாயங்காலம் தான் தெரியும். தெரியாதவங்ககிட்ட தெரிஞ்ச மாதிரி கேட்டா தடுப்புப் பேச்சு தான் வரும். அதனால கேள்வியோட ஒரு வழியும் சேர்த்துக் குடுங்க: "உங்களுக்கு இப்போ தெரியலன்னா பரவாயில்லம்மா, கம்பெனி டி.ஏ.கிட்ட கேட்டு நாளைக்கு சொல்லுங்க, சொன்ன உடனே ஓகே மெயில் போடுறேன்." இப்போ அவளுக்கும் அந்தக் கேள்வியை மேல கொண்டு போக ஒரு காரணம் கிடைக்குது, ஏன்னா அவளுக்கு வேண்டியது அந்த மெயில்.

அந்த மெயில் பத்தி தான் முக்கியமா சொல்லணும். "என் புரொஃபைலை இந்தக் கம்பெனிக்கு நீங்க அனுப்ப நான் சம்மதிக்கிறேன்"னு நீங்க போட்டுட்டா, கம்பெனி சிஸ்டத்துல உங்க பேர் அந்தக் கன்சல்டன்சி கணக்குல ஏறிடும். பெரும்பாலான இடத்துல அது ஆறு மாசம் வரைக்கும் நிக்கும். நடுவுல உங்க ஃப்ரெண்டு ரெஃபரல் போட்டாலும், நீங்களே அவங்க சைட்ல அப்ளை பண்ணினாலும் டூப்ளிகேட்னு காட்டும். ரெண்டு கன்சல்டன்சிக்கு ஓகே சொல்லிட்டா சண்டை வேண்டாம்னு ரெண்டு பேர் அனுப்பினதையும் தள்ளி வைக்கிற கம்பெனியும் உண்டு. ஆக போரூர் தம்பி சொன்ன மாதிரி முதல் ரவுண்டுக்கு அப்புறம் உங்களுக்கு மதிப்பு கூடுறது உண்மை தான், ஆனா அது சம்பளம் பேசறதுக்கு. எப்படி நடக்கும்னு கேக்குறதுக்கு உங்க கையில இருக்குற ஒரே பிடி, மெயில் போடாம இருக்குற இந்த ஒரு நாள் தான்.

டிரைவ் பத்தியும் பாதி சரி. ரவுண்டெல்லாம் ஒரே நாள்ல முடியும், ஆஃபர் லெட்டர் அன்னிக்கு வராது. அதுக்கு அப்புறம் சம்பளம் ஃபிட் ஆகணும், மேல அப்ரூவல் வாங்கணும்.

கேள்வியையும் மாத்திக் கேளுங்க. "எத்தனை ரவுண்டு"ன்னா எல்லாரும் ரெண்டு மூணுன்னு தான் சொல்வாங்க. ஆன்லைன் டெஸ்ட்டை ரவுண்டா எண்ண மாட்டாங்க, கம்பெனி யாருக்கு வேலை செய்யுதோ அந்தக் கிளையன்ட் வைக்கிற ரவுண்டை "ஜஸ்ட் ஒரு ஃபார்மாலிட்டி"ன்னு விட்டுடுவாங்க, ஹெச்.ஆர். ரவுண்டையும் எண்ண மாட்டாங்க. இப்படிக் கேளுங்க: "இதே பொசிஷனுக்கு கடைசியா சேர்ந்தவருக்கு முதல் போன்ல இருந்து ஆஃபர் லெட்டர் வரைக்கும் என்னென்ன நடந்துது, எத்தனை நாள் ஆச்சு?" நடந்ததைக் கேட்டா நடந்ததைத் தான் சொல்லணும். "இன்னும் யாரும் சேரல"ன்னு பதில் வந்தா அதுவே ஒரு தகவல். இன்னொண்ணு, "கடைசியா ஓகே சொல்றது யாரு, கம்பெனி மேனேஜரா கிளையன்டா?" கிளையன்ட்னா கம்பெனிக்காரங்க சொல்ற எந்தத் தேதியும் அவங்க கையில இல்ல.

தரமணி ஃப்ரெஷர் | 7 ஜனவரி, காலை 9.30

அண்ணா நான் 2024 பாஸ் அவுட். நானும் இப்படி கேக்கலாமா? எனக்கு கால் வர்றதே மாசத்துக்கு ஒண்ணு.

பழைய ரெக்ரூட்டர் | 7 ஜனவரி, காலை 9.50

தம்பி, நீ "எத்தனை மணிக்கு வரணும், லேப்டாப் கொண்டு வரணுமா, டெஸ்ட் எந்த லாங்குவேஜ்ல, அன்னிக்கே முடியுமா"ன்னு கேளு, போதும். மெயிலை நிறுத்தி வைக்கிறதெல்லாம் அனுபவம் இருக்குறவங்களுக்குத் தான் நடக்கும். உன்னை வருத்தப்பட வைக்கணும்னு சொல்லல, நிலைமை அப்படி.

கீழ்க்கட்டளை | 7 ஜனவரி, மதியம் 1.30

சார் சொன்ன மாதிரியே பண்ணினேன். சாப்பாட்டு நேரத்துல அந்தப் பொண்ணுக்கு வாட்ஸ்அப்ல எழுதினேன். இங்கிலீஷ்ல தான் எழுதினேன், சாராம்சம் இது: "எனக்கு இந்த வேலைல நிஜமாவே விருப்பம் இருக்கு. 24ஆம் தேதிக்குள்ள இன்னொரு இடத்துக்கு பதில் சொல்லணும், அதனால தேதி கணக்கு எனக்குத் தேவை. கடைசியா சேர்ந்தவருக்கு என்னென்ன ரவுண்டு எத்தனை நாள்ல நடந்துது, கடைசி முடிவு யாருது, நேர்ல வர வேண்டிய ரவுண்டு எது, அதுல எத்தனை பேர், ஒண்ணாவா தனித்தனியா, மொத்தம் எவ்ளோ நேரம், இதை டி.ஏ.கிட்ட கேட்டு சொல்லுங்க. பதில் வந்த உடனே சம்மத மெயில் போடுறேன்."

24ஆம் தேதி விஷயத்தைச் சொல்லலாமா வேணாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். கம்பெனி பேரும் சம்பளமும் சொல்லல, தேதியை மட்டும் சொன்னேன்.

இன்னொரு சந்தேகம், அவங்க கம்பெனி பேரை சொல்ல மாட்டேங்குறாங்க, "பெரிய யு.எஸ். ரீட்டெயில் கிளையன்ட்"னு மட்டும் சொல்றாங்க. இது மோசடியா இருக்குமோ?

பழைய ரெக்ரூட்டர் | 7 ஜனவரி, மதியம் 2.10

பேர் சொல்லாதது மோசடி இல்லம்மா. சொன்னா நீங்க நேரா அப்ளை பண்ணிடுவீங்க, அவங்களுக்கு கமிஷன் போயிடும், அந்தப் பயம் தான். ஆனா எந்தக் கம்பெனிக்கு அனுப்புறாங்கன்னு சம்மத மெயில்ல கண்டிப்பா இருக்கணும். அது இல்லாத மெயிலுக்கு ஓகே சொல்லாதீங்க, உங்க புரொஃபைல் எங்க எல்லாம் போகுதுன்னே தெரியாமப் போயிடும்.

கீழ்க்கட்டளை | 7 ஜனவரி, இரவு 8.45

பதில் வந்துடுச்சு! அந்தப் பொண்ணு டி.ஏ. ஆளையே கான்ஃபரன்ஸ்ல போட்டா. அவர் நல்லாவே பேசினார், நான் பயந்த மாதிரி இல்ல. நேத்து "ரெண்டு மூணு ரவுண்டு, ஒரு வாரத்துல முடிஞ்சிரும்"னு சொன்னது இன்னிக்கு இப்படி ஆச்சு. ஆன்லைன் டெஸ்ட் 90 நிமிஷம். அப்புறம் வீடியோல டெக்னிக்கல் ஒரு மணி நேரம். அப்புறம் பேனல், சிறுசேரில நேர்ல, சனிக்கிழமை மட்டும், மூணு பேர் ஒண்ணா, ஒண்ணரை மணி நேரம். அப்புறம் கிளையன்ட் ரவுண்டு, அவங்க ஓகே தான் கடைசி. அப்புறம் ஹெச்.ஆர். சம்பளம். அதுக்கப்புறம் லெட்டர் வர ஏழு வேலை நாள்.

சுவத்துல இருக்குற காலண்டரைக் கழட்டி கீழ வச்சுக்கிட்டு உக்காந்தேன். நாளைக்கு 8ஆம் தேதி டெஸ்ட் முடிச்சாலும் டெக்னிக்கல் வெள்ளிக்கிழமை 10ஆம் தேதி. ரிசல்ட் வந்து மறுநாளே பேனல் வைக்க மாட்டாங்க, ஆக 11 போச்சு. 14, 15, 16 பொங்கல். அடுத்த சனிக்கிழமை 18. கிளையன்ட் அமெரிக்கா, 20ஆம் தேதி திங்கக்கிழமை அவங்களுக்கு மார்ட்டின் லூதர் கிங் டே லீவு, ஆக சீக்கிரம்னா 21, 22. ஹெச்.ஆர். 24. அதுல இருந்து ஏழு வேலை நாள் எண்ணினா பிப்ரவரி 4. எனக்கு இருக்குற கடைசி நாள் ஜனவரி 24. பதினோரு நாள் இடிக்குது.

இதைக் கேக்காம இறங்கியிருந்தா 24ஆம் தேதி லெட்டருக்கு காத்துக்கிட்டு நின்னுருப்பேன், ரெண்டு பக்கமும் பதில் சொல்ல முடியாம. இப்போ அதே நெலமை ஜனவரி 7ஆம் தேதியே தெரியுது.

போரூர் ஜாவா | 7 ஜனவரி, இரவு 9.20

அப்போ விட்டுடுங்க சிஸ். கணக்கே சொல்லுதே.

பழைய ரெக்ரூட்டர் | 7 ஜனவரி, இரவு 9.55

விட வேண்டாம். அந்தக் கணக்குல எது நகரும் எது நகராதுன்னு பாருங்க. லெட்டர் அப்ரூவல் நகராது, அது நாலு பேர் சிஸ்டத்துல க்ளிக் பண்ற வேலை. கிளையன்ட் லீவு நகராது. நகரக்கூடியது ஒண்ணு தான், சனிக்கிழமை பேனல். சனிக்கிழமை வைக்கிறதே கேண்டிடேட் லீவு போட வேண்டாம்னு தான். நீங்க "வார நாள்ல வர்றேன், இல்ல வீடியோல உக்காருறேன்"னு சொன்னா அவங்களுக்கு லாபம். டெக்னிக்கலும் பேனலும் ஒரே நாள்ல வைக்க முடியுமான்னு கேளுங்க. அந்தப் பக்கம், ஆஃபர் குடுத்த கம்பெனிகிட்ட ஒரு வாரம் டைம் கேளுங்க. ஆனா ரெண்டு வாரம் கேட்டா நீங்க வேற எங்கயோ பாக்குறீங்கன்னு புரிஞ்சிடும்.

வலது காது | 8 ஜனவரி, காலை 6.40

இந்த இழையை ராத்திரி முழுக்கப் படிச்சேன். என் கேஸ் வேற, ஆனா பேனல் பத்தி சொல்லணும். எனக்கு இடது காது கேக்காது, வலதுல மெஷின். ஒருத்தர் எதிர்ல இருந்தா உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுப்பேன். போன ஆகஸ்ட்ல ஒரு வீடியோ பேனல், நாலு பேர் ஒரு மீட்டிங் ரூம்ல ஒரே மைக்கை நடுவுல வச்சு உக்காந்துட்டாங்க. கேமரா ரூம் மூலைல. யாரு பேசுறாங்கன்னே தெரியல. மூணு தடவை "மறுபடி சொல்லுங்க"ன்னதுக்கு அப்புறம் நானே கேக்க வெக்கப்பட்டுட்டு, புரிஞ்ச மாதிரி ஏதோ பதில் சொன்னேன். தப்பான கேள்விக்கு பதில் சொல்லிட்டு இருந்திருக்கேன்.

முன்கூட்டி கேக்கணும்னு தெரியும். கேட்டா காது விஷயத்தை முதல் போன்லயே சொல்லணுமே, சொன்னா அடுத்த ரவுண்டே வராதுன்னு பயம். 2016 மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டம் எல்லாம் இருக்கு, படிச்சிருக்கேன். சட்டம் இருக்குறது வேற, போன்ல அந்தப் பொண்ணுகிட்ட சொல்றது வேற.

கீழ்க்கட்டளை | 8 ஜனவரி, காலை 8.10

படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. உங்களுக்கு பேனல் எப்படின்னு முன்னாடியே தெரியுறது எங்க எல்லாரையும் விட அவசியம். எனக்கு ஒண்ணு தோணுது, சரியான்னு தெரியல. காரணம் சொல்லாமலே "வீடியோ பேனல்னா எல்லாரும் அவங்கவங்க லேப்டாப்ல இருந்து வருவாங்களா, ஒரே ரூம்ல இருந்தா?"ன்னு சாதாரணக் கேள்வியா கேக்கலாமே. லேப்டாப்ல தனித்தனியா வந்தா ஒவ்வொரு முகமும் பெருசாத் தெரியும், லைவ் கேப்ஷனும் போட்டுக்கலாம்.

பழைய ரெக்ரூட்டர் | 8 ஜனவரி, காலை 8.35

சரி தான், ஆனா பாதி வழி தான் போகும். அவங்க "ஒரே ரூம்"னு சொன்னா அடுத்து காரணம் சொல்லாம மாத்தச் சொல்ல முடியாது. கன்சல்டன்சி ஆள்கிட்ட சொல்ல வேண்டாம், அது ஒரு ஷீட்ல குறிப்பா ஏறி எங்கயோ போகும். கம்பெனி டி.ஏ. வந்ததும் பேனல் தேதி போடும்போது அவருக்கு மெயில்ல சொல்லுங்க, ரெண்டே வரி, என்ன வேணும்னு மட்டும். நான் டி.ஏ.வா இருந்தப்போ அப்படி ரெண்டு மெயில் வந்துது, மாத்திக் குடுத்தோம். எல்லா இடத்துலயும் அப்படி நடக்கும்னு என்னால உறுதி குடுக்க முடியல தம்பி.

கீழ்க்கட்டளை | 10 ஜனவரி, இரவு 10.30

8ஆம் தேதி காலைல சம்மத மெயில் போட்டுட்டேன், கம்பெனி பேர், பொசிஷன் எல்லாம் இருந்துது. சாயங்காலம் டெஸ்ட் முடிச்சேன். டி.ஏ.கிட்ட சார் சொன்ன மாதிரி கேட்டேன், ஒத்துக்கிட்டார். இன்னிக்கு காலைல டெக்னிக்கல், மதியம் மூணு மணிக்கு வீடியோல பேனல். ரெண்டுமே முடிஞ்சுது, ரெண்டும் ஓகே.

பேனல்ல சொன்ன மாதிரியே மூணு பேர் ஒண்ணா வந்தாங்க. ஒரு லீட், ஒரு மேனேஜர், மூணாவது ஆள் டெவலப்மென்ட் டீம்ல இருந்து. அந்த மூணாவது ஆளை நான் எதிர்பார்க்கல. ஏ.பி.ஐ. பக்கம், டேட்டாபேஸ் பக்கம் நிறைய கேட்டார், கொஞ்சம் தடுமாறினேன். எத்தனை பேர்னு கேட்ட நான், அவங்க என்ன பொறுப்புல இருக்காங்கன்னு கேட்டிருக்கணும். பேர் வேண்டாம், பேர் முந்தின நாள் தான் முடிவாகும். ஆனா "டெஸ்டிங் ஆளா, டெவலப்பரா, மேனேஜரா"ங்குறது முன்னாடியே தெரிஞ்சிருக்கும்ல. அது தெரிஞ்சிருந்தா வியாழக்கிழமை ராத்திரி செலினியம் டூலையே திரும்பத் திரும்பப் படிச்சதுல பாதி நேரத்தை எஸ்.க்யூ.எல்.லுக்கு குடுத்திருப்பேன்.

அம்பத்தூர் அப்பா | 11 ஜனவரி, காலை 7.15

வாழ்த்துகள்ம்மா. நான் முதல்ல சொன்னதை மாத்திக்கிறேன். பையன்கிட்ட கேட்டேன், ப்ரைவேட்ல இது வேற மாதிரின்னு சொன்னான். பொங்கல் நல்லபடியா கொண்டாடுங்க, பால் பொங்குற நேரத்துல கிளையன்ட் கூப்பிடாம இருக்கணும்.

கீழ்க்கட்டளை | 17 ஜனவரி, இரவு 11.00

கிளையன்ட் ரவுண்டு இன்னிக்கு ராத்திரி ஏழரைக்கு, அவங்களுக்கு காலைல ஒன்பது மணி. நாற்பது நிமிஷம். "ஃபார்மாலிட்டி"னு சொன்னாங்க, நிஜமாவே வேலை வாங்கினாங்க, ஸ்கிரீன் ஷேர் பண்ணி ஒரு டெஸ்ட் கேஸ் எழுதச் சொன்னாங்க. இனிமே "ஃபார்மாலிட்டி"ன்னா எவ்ளோ நேரம், கோடு எழுதணுமான்னு கேப்பேன்.

திங்கக்கிழமை அவங்களுக்கு லீவு, ஃபீட்பேக் செவ்வாய்க்கிழமை ராத்திரி வரும். புதன் 22 ஹெச்.ஆர்.னு வச்சா ஏழு வேலை நாள், 31ஆம் தேதி லெட்டர். பிப்ரவரி 4 ஜனவரி 31 ஆயிருக்கு. இன்னிக்கு மத்த கம்பெனி ஹெச்.ஆர்.கிட்ட 31 வரைக்கும் டைம் கேட்டேன். "29 புதன்கிழமை வரைக்கும், அதுக்கு மேல என்னால முடியாது"ன்னார். ரெண்டு நாள் இடிக்குது.

போரூர் ஜாவா | 18 ஜனவரி, காலை 10.00

29ஆம் தேதி அதுக்கு ஓகே சொல்லிடுங்க, 31 இது வந்தா இதுக்குப் போயிடுங்க. 90 நாள் நோட்டீஸ் இருக்கே, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.

கீழ்க்கட்டளை | 18 ஜனவரி, காலை 10.40

பண்றாங்க, தெரியும் ப்ரோ. நான் குறை சொல்லல. ஆனா எனக்கு டைம் நீட்டிக் குடுத்தவர் என்னை நம்பி மேல பேசி வாங்கியிருக்கார். ஓகே சொல்லிட்டு ரெண்டாவது நாள் மாத்திப் பேச என்னால முடியாது. நான் அவங்ககிட்ட நேர்மையான தேதி கேட்டேன்னா, என் பதிலும் அப்படி இருக்கணும்.

பழைய ரெக்ரூட்டர் | 18 ஜனவரி, பகல் 12.05

இதுல எனக்கும் போரூர் தம்பிக்கும் மேடத்துக்கும் ஒரே கருத்து வராது. கம்பெனிக்காரங்க ஆஃபர் குடுத்துட்டு ப்ராஜெக்ட் போயிடுச்சுன்னு ரத்து பண்ணினதையும் நான் பார்த்திருக்கேன், அதனால தம்பி மேல கோபமில்ல. ஹெச்.ஆர். பேசும்போது "அப்ரூவல் எந்த நிலைல இருக்கு, 29க்குள்ள சம்பளம், டெசிக்னேஷன், சேர வேண்டிய தேதி மூணையும் கம்பெனி மெயில் ஐடில இருந்து எழுதி அனுப்ப முடியுமா"ன்னு கேளுங்க. லெட்டருக்குச் சமம் இல்ல, ஆனா வாய்ப் பேச்சை விட மேல். அதைக் கூட தரலன்னா அப்ரூவலே இன்னும் ஆரம்பிக்கலன்னு வச்சுக்கோங்க.

கீழ்க்கட்டளை | 30 ஜனவரி, காலை 6.50

22 ஹெச்.ஆர். பேசினாங்க, சம்பளம் ஒத்துப் போச்சு. மெயில் கேட்டேன், "ப்ராசஸ்ல இருக்கு"ன்னாங்க. 27 கேட்டேன், அதே பதில். நேத்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் காத்திருந்தேன். வரல. மத்த கம்பெனிக்கு ஓகே மெயில் போட்டுட்டேன். டி.ஏ.க்கும் அந்தப் பொண்ணுக்கும் நானே போன் பண்ணி சொன்னேன். அவர் கோவப்படல, "நீங்க ஆரம்பத்துலயே தேதி சொன்னீங்க மேடம், எங்களால தான் முடியல"ன்னார். போனை வச்சுட்டு கொஞ்ச நேரம் அழுதேன், ஏன்னா வேலையா பார்த்தா எனக்கு சிறுசேரி தான் பிடிச்சிருந்துது.

போரூர் ஜாவா | 30 ஜனவரி, காலை 9.15

ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம் சிஸ். நான் இன்னும் அதையே தான் சொல்வேன். ஆனா நேத்து எனக்கு ஒரு கால் வந்துது, கடைசியா சேர்ந்தவருக்கு எத்தனை நாள் ஆச்சுன்னு கேட்டேன். "இந்தப் பொசிஷன் நாலு மாசமா ஓப்பன் சார், இன்னும் யாரும் செட் ஆகல"ன்னாங்க. மெயில் போடல.

கீழ்க்கட்டளை | 3 பிப்ரவரி, இரவு 8.20

இன்னிக்கு சாயங்காலம் சிறுசேரி லெட்டர் வந்துது. 31 இல்ல, 3. நன்றி சொல்லி மறுத்துட்டேன்.

வலது காது | 5 பிப்ரவரி, இரவு 9.10

எனக்கு வியாழக்கிழமை ஒரு பேனல் இருக்கு. டி.ஏ.க்கு ரெண்டு வரி மெயில் போட்டேன், எல்லாரும் தனித்தனி லேப்டாப்ல வரணும், கேப்ஷன் ஆன்ல இருக்கணும்னு. காரணமும் எழுதிட்டேன். அரை மணி நேரத்துல பதில் வந்துது: "மூணு பேர், மூணு பேருக்கும் தனி லிங்க் அனுப்பிட்டேன், கேமரா ஆன் பண்ணச் சொல்லியிருக்கேன்." மூணாவது ஆள் யாருன்னும் கேட்டுட்டேன். டேட்டாபேஸ் டீமாம்.